நெற்றியோரத்து டை கறை: பிடிக்காமல் பார்ப்பதும், புண்ணாக்காமல் எடுப்பதும்

டை கலக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பெட்டியில் ‘கறுப்பு’ என்று போட்டிருக்கும். டியூபைப் பிதுக்கினால் வருவதோ வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். அதில் டெவலப்பரை ஊற்றிக் கலக்கிய சில நிமிடங்களில் கிண்ணத்தின் ஓரம் பழுப்பாகும், அப்புறம் கறுத்துக்கொண்டே போகும். தலை முழுக்கப் பூசிவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி பார்த்தால், பூசும்போது கண்ணில் படாத ஒரு கோடு நெற்றியோரத்தில் கறுப்பாக நிற்கும். காது மடலின் மேல் விளிம்பில் ஒரு திட்டு, காதுக்குப் பின்னால் இன்னொன்று.

“பூசும்போது சுத்தமாகத்தானே இருந்தது?” என்று பலரும் கேட்பார்கள். சுத்தமாக இல்லை. டை அப்போதே தோலில் பட்டுவிட்டது, நிறம் மட்டும் வரவில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கறையைத் தடுப்பதும் எடுப்பதும் எப்படி என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

நான் இங்கே பேசுவது நரையை மறைக்கப் பயன்படுத்தும் நிரந்தர டையைப் பற்றி, குறிப்பாகக் கறுப்பு, அடர் பழுப்பு நிறங்களைப் பற்றி. தோலில் அதிகம் கறை வைப்பவை இவைதான்.

நிறம் தோலுக்குள்தான் பிறக்கிறது

நிரந்தர டையில் இருப்பது தயாரான நிறம் அல்ல. நிறமில்லாத மிகச் சிறிய மூலக்கூறுகள்தான் இருக்கின்றன. அவற்றில் பரவலாகத் தெரிந்தது பாரா ஃபெனிலீன் டையமின். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். டெவலப்பரில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. இவை இரண்டும் சேரும்போது அந்தச் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய, நிறமுள்ள மூலக்கூறுகளாக மாறுகின்றன. முடிக்குள் நுழையும்போது சிறியதாக இருந்தது உள்ளே போய்ப் பெரிதாகிவிடுவதால், வந்த வழியே வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. நிரந்தர டை தலைக்குக் குளித்தாலும் போகாமல் நிற்பது இதனால்தான்.

தோலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். தோலின் வெளிப்பக்கத்தில் இறந்த செல்கள் ஏறக்குறைய 15 முதல் 20 அடுக்குகளாகச் செதில்போலப் படிந்திருக்கின்றன. முடியைப் போலவே இந்தச் செல்களும் கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்தவை. டைக்கு முடி எது, தோல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. செதில்களுக்கு இடையே நிறமில்லாமல் நுழைகிறது, அங்கேயே நிறமாகிறது, அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, தோலில் பட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடம் மிக முக்கியம். அப்போது டை பெரும்பாலும் மேலேதான் இருக்கிறது, சோப்பு நனைத்த பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். இருபது நிமிடம் கழித்து அதே இடத்தைத் துடைத்தால் பஞ்சில் கொஞ்சம்தான் வரும், மீதி செதில்களுக்குள் இருக்கும். இரண்டாவது, அந்தச் செதில்கள் எப்படியும் உதிரப் போகிறவை. நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் நெற்றியோரக் கறை பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் மங்கிவிடும். ஆக, கறையை எடுப்பது என்றால் தானாக உதிர இருக்கும் அடுக்கைக் கொஞ்சம் முன்னதாக உதிர வைப்பதுதான். உதிரத் தயாராக இல்லாத அடுக்கைப் பிய்த்தால் கறை போகாது, தோல்தான் போகும்.

கறையின் வடிவத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்

கறை வந்தவுடனே துடைக்க ஓடாமல் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும்.

முடி தொடங்கும் இடத்தை ஒட்டி, விளிம்பு தெளிவாகத் தெரியும் கோடாக இருந்தால் அது பிரஷ் வைத்த கோடு. பிரஷைத் தோலிலிருந்து தொடங்கி இழுத்திருக்கிறீர்கள், அல்லது ஓரத்தில் டையை வழித்துக் குவித்திருக்கிறீர்கள். நெற்றியில் கீழ்நோக்கி நீளமாக ஓடிய கறை என்றால் கலவை தளர்வாக இருந்திருக்கிறது. தண்ணீரில் கலக்கும் தூள் டையில் தண்ணீர் கூடிப்போனால் இப்படி வழியும். க்ரீம் டையிலும் டெவலப்பரை அளவுக்கு மேல் ஊற்றினால் இதேதான் நடக்கும்.

விளிம்பே இல்லாமல் சாம்பல் பூசியதுபோல அகலமாக, வெளிறலாகப் பரவியிருந்தால் அது துடைத்ததால் வந்த கறை. ஏற்கெனவே டை பட்ட துணியின் அதே பக்கத்தால் மறுபடி துடைத்திருப்பீர்கள். ஒரு துளியாக இருந்ததை இரண்டு விரல் அகலத்துக்கு நீங்களே பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். வீட்டில் டை அடிப்பவர்களிடம் நான் அதிகமாகப் பார்ப்பது இந்தக் கறையைத்தான்.

காது மடலின் மேல் வளைவில் மட்டும் கறை இருந்தால், டை பூசிய கிருதா முடி காதின் மேல் படுத்திருந்தது. காதுக்குப் பின்னால் உள்ள மடிப்பில் இருந்தால், அங்கே பூசும்போது கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தடவித்தான் பூசியிருக்கிறீர்கள். பிடரியில் திட்டாக இருந்தால், பின்முடியைக் கொண்டையாகச் சுருட்டி வைக்காமல் தொங்க விட்டிருப்பீர்கள்.

பூசும் முன்

கறையைத் தடுப்பது, டை அடிப்பதற்கு முந்தின நாளே தொடங்குகிறது. டை அடிக்கப் போகும் அன்று காலையில் ஷாம்பூ போட்டுத் தேய்த்துக் குளிக்காதீர்கள். முந்தின நாள் குளித்தால் போதும். தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய்ப் பசை ஒரு மெல்லிய காப்பு. அதைக் கழுவி எடுத்த உடனே டையை வைத்தால் வறண்ட தோல் ஈரத்தோடு டையையும் இழுத்துக்கொள்ளும். முகத்துக்கு ஸ்க்ரப் போடுகிறவர்கள், தோல் உரிக்கும் கிரீம் பூசுகிறவர்கள், நெற்றியோரத்தில் அதைச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். செதிலைத் தேய்த்து எடுத்த தோல் கறையையும் அதிகம் ஏற்கும், எரிச்சலும் படும். சிராய்ப்போ பருவோ புண்ணோ இருக்கும் இடத்தில் டை படவே கூடாது. அது ஆறும்வரை தள்ளிப்போடுங்கள்.

காப்புக்கு எனக்குத் தெரிந்தவரை பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச ஒன்று இல்லை. தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் உடல் சூட்டில் இளகி முடிக்குள் ஓடிவிடும். ஜெல்லி வைத்த இடத்தில் நிற்கும், டையில் உள்ள தண்ணீரை உள்ளே விடாது.

அளவு அதிகம் வேண்டாம். நெற்றியோரம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, ஒவ்வொரு காதுக்கும் அதில் பாதி. விரல் நுனியால் முடி தொடங்கும் கோட்டிலிருந்து ஒரு நூல் இடைவெளி விட்டு, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தடவுங்கள். பளபளப்பு தெரிய வேண்டும், ஆனால் திரளாக நிற்கக் கூடாது. நெற்றி, கிருதாவின் முன்பக்கம், காது மடலின் மேல் விளிம்பும் பின்பக்கமும், காதுக்குப் பின்னால் உள்ள மடிப்பு, பிடரி என்று ஒரு சுற்று வாருங்கள். காதுக்குப் பின்னால் தடவுவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஏன் அந்த ஒரு நூல் இடைவெளி? ஜெல்லி தோலைக் காப்பதுபோலவே முடியையும் காத்துவிடும். நெற்றியோரத்துப் பூனை முடியில் ஜெல்லி பட்டால் அங்கே டை ஏறாது. கழுவிய பிறகு தலை கறுப்பாகவும் ஓரம் மட்டும் வெள்ளையாகவும் நிற்கும். நரை முதலில் தெரிவதும் அந்த ஓரத்தில்தான் என்பதால், மறைக்க நினைத்ததே மறையாமல் போய்விடும். தவறி முடியில் பட்டுவிட்டால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

காதுகளுக்குப் பிளாஸ்டிக் உறை கிடைக்கும். கிடைக்காவிட்டால் சுத்தமான சிறு பிளாஸ்டிக் பை ஒன்றைக் காதில் மாட்டிவிடலாம். உறை இருக்கிறதே என்று ஜெல்லியை விட்டுவிடாதீர்கள். உறையின் விளிம்பு வழியாகக் கசியும் டை உள்ளே அடைபட்டுக் கிடந்தால் கறை இன்னும் அடர்த்தியாகும்.

பூசும்போது

பிரஷின் திசையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பிரஷ் முனையில் கொஞ்சமாக டை எடுத்து, முடியில் வைத்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது உச்சியை நோக்கி இழுங்கள். முகத்தை நோக்கி இழுத்தால் பிரஷ் கடைசியில் தோலில் போய்த்தான் நிற்கும். ஓரத்துப் பூனை முடிகளுக்குப் பிரஷைவிட பழைய பல்துலக்கும் பிரஷ் கைக்கு வாகாக இருக்கும். அதைச் சுத்தமாகக் கழுவி டைக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிருதாவில் பூசி முடித்தவுடன் அந்த முடியை மேல்நோக்கிச் சீவிக் காதின் மேல் விழாமல் கிளிப் போடுங்கள்.

பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் இரண்டு சொட்டு ஷாம்பூவும், ஏழெட்டுப் பஞ்சு உருண்டைகளும் வைத்துக்கொள்ளுங்கள். தோலில் டை பட்டுவிட்டால் முதலில் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு ஷாம்பூ நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்து, பஞ்சைத் திருப்பி, சுத்தமான பக்கத்தால் இன்னொரு முறை. ஒரு பஞ்சு உருண்டையை இரண்டு இடத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். துடைத்த இடத்தில் ஜெல்லியும் போயிருக்கும் என்பதால் மறுபடி கொஞ்சம் தடவிவிடுங்கள். தலை முழுக்கப் பூசி முடித்ததும் கண்ணாடி முன் நின்று நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு சுற்றுப் பாருங்கள். காதுக்குப் பின்னால் பார்க்கக் கைக்கண்ணாடி வேண்டும், இல்லையென்றால் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். இந்த ஒரு சுற்றைப் பூசி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் செய்துவிட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் கழுவும்போது. முடி அலங்காரம் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது பழக்கம், வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பெட்டியில் சொன்ன நேரம் முடிந்ததும் நேராகத் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறையைக் கழற்றாமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஓரங்களில் கொஞ்சமே கொஞ்சம் தெளித்து, நெற்றியோரத்திலும் காதைச் சுற்றியும் விரல் நுனியால் வட்டமாக ஒன்றிரண்டு நிமிடம் மசாஜ் செய்யுங்கள். டை க்ரீம் நுரைபோலக் குழைந்து வரும். அந்த க்ரீமில் ஏற்கெனவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. அது தோலில் புதிதாகப் படிந்த டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். டையை எடுக்க டையே உதவுகிறது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் செய்து பார்த்தவர்கள் இதை விடுவதில்லை. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, சாயத் தண்ணீர் முகத்தில் வழியாதபடி அலசுங்கள்.

கறை வந்தேவிட்டால்

இங்கே ஒரு நடந்த கதையைச் சொன்னால் வரிசை புரியும்.

என் சித்தி ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு டை கழுவிவிட்டு, எட்டு மணிக்குத் தலையில் துண்டோடு என்னிடம் வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. இடது பக்க நெற்றியோரத்தில் புருவத்துக்கு மேலே வரை ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் கறுப்பு. வலது காதின் மேல் வளைவு நல்ல கறுப்பு. காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு திட்டு.

“இது போகுமாடி? இல்ல பவுடர் போட்டு மறைக்கணுமா?” என்றார்.

“கொஞ்சம் போகும் சித்தி, எல்லாம் இன்னிக்கே போகாது. எரிச்சல் இருக்கா, அரிக்குதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நெற்றிக் கறையின் விளிம்பு கலைந்திருந்தது. கேட்டால், வழிந்த டையைத் தோளில் போட்டிருந்த துண்டாலேயே துடைத்திருக்கிறார். அன்று காலைதான் தலைக்குக் குளித்தும் இருக்கிறார். இடது பக்கம் மட்டும் அதிகம், ஏனென்றால் வலது கையால் குறுக்கே எட்டிப் பூசும்போது பிரஷ் தோலில் உட்கார்ந்துவிட்டது.

முதல் சுற்று ஷாம்பூ. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு, நெற்றியில் ஒரு நிமிடம் வட்டமாகத் துடைத்தோம். துணியில் தெளிவாகப் பழுப்பு இறங்கியது. நெற்றிக் கறையில் மேலோட்டமாக இருந்தது பாதியாவது போயிருக்கும். காதில் பெரிதாக மாற்றம் இல்லை.

இரண்டாவது சுற்று எண்ணெய். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் கறைமேல் நன்றாக ஈரமாகும்படி ஒற்றி, பதினைந்து நிமிடம் அப்படியே விட்டோம். எண்ணெய் மந்திரம் எதுவும் செய்வதில்லை. செதில்களுக்கு இடையே ஊறி அவற்றை மிருதுவாக்குகிறது, சோப்புத் தண்ணீருக்கு வராமல் ஒட்டிக்கொண்டிருந்த டையில் கொஞ்சத்தையும் இளக்குகிறது. ஆலிவ் எண்ணெய், குழந்தைகளுக்குத் தடவும் எண்ணெய், ஒப்பனை கலைக்கும் எண்ணெய் எதுவானாலும் சரி. அவசரப்பட்டு இரண்டே நிமிடத்தில் துடைத்துவிட்டு, எண்ணெய் வேலைக்கு ஆகாது என்று சொல்பவர்கள் அதற்கு வேலை செய்ய நேரமே கொடுக்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் மெதுவாக வட்டமாகத் துடைத்து, மறுபடி ஒரு சொட்டு ஷாம்பூவால் எண்ணெயைக் கழுவினோம். நெற்றி கிட்டத்தட்டத் தெளிந்தது. காது வளைவு அடர் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்தது.

மூன்றாவது சுற்றும் எண்ணெய்தான். இந்த முறை துடைக்கும்போது பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது நிறுத்துவது என்று இந்தப் பஞ்சுதான் சொல்லும். பஞ்சில் நிறம் வருகிறவரை தொடரலாம். பஞ்சு சுத்தமாக வருகிறது, தோலில் மட்டும் கறை தெரிகிறது என்றால், மிச்சம் இருப்பது உதிரத் தயாராகாத அடுக்கில் இருக்கிறது. அதற்குமேல் தேய்ப்பதில் பயன் இல்லை. அதேபோல் தோல் சிவந்தாலோ சுரீரென்று எரிந்தாலோ, பஞ்சில் நிறம் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

சித்தியின் நெற்றியில் மூன்றாவது சுற்றில் பஞ்சு சுத்தமாக வந்தது. நெருங்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு மெல்லிய நிழல் பாக்கி. காது வளைவுக்கு மட்டும் எழுபது சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் பஞ்சில் எடுத்து, பிழிந்துவிட்டு, மூன்று தடவை ஒற்றினேன். கொஞ்சம் வந்தது. ஆல்கஹாலை நான் கடைசியாகத்தான் எடுப்பேன், அதுவும் சின்ன இடத்துக்கு. தோலின் எண்ணெய்ப் பசையை எல்லாம் எடுத்துவிடும். புருவத்துக்குக் கீழே, கண்ணுக்குப் பக்கத்தில், புதிதாகச் சவரம் செய்த கிருதாவில், அது வேண்டவே வேண்டாம். அடுப்போ விளக்கோ எரியும் இடத்திலும் கூடாது, தீப்பற்றும். ஒற்றியவுடன் தண்ணீரால் கழுவி, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவிவிட்டேன்.

காதுக்குப் பின்னால் இருந்த நாணயம் அளவுத் திட்டை எண்ணெய் போட்டதோடு விட்டுவிட்டேன். அந்த மடிப்பில் தோல் மெல்லியது, சீக்கிரம் புண்ணாகும். கண்ணாடிக் காம்பும் அங்கேதான் உட்கார்ந்து உரசும். முன்னால் இருந்து பார்ப்பவருக்கு அது தெரியப்போவதும் இல்லை. படுக்கும் முன் மறுபடி கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு, தலையணையில் பழைய துணி விரித்துத் தூங்கச் சொன்னேன். மறுநாள் நெற்றி சுத்தமாகவே இருந்தது. காது வளைவில் நான்காம் நாள் வரையிலும், பின்பக்கத் திட்டு ஏறக்குறைய ஒரு வாரம் வரையிலும் லேசாகத் தெரிந்தது.

காதுத் துளைக்குள் டை போயிருந்தால் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு நோண்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெளி மடிப்பை மட்டும் துடைத்துவிட்டு மீதியை விட்டுவிடலாம். குளிக்கும் முன் காதில் ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை வெளியே எடுக்க வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் சாயத் தண்ணீர் உள்ளே போகாது. கழுவி முடித்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

பற்பசை, எலுமிச்சை, ப்ளீச்

பற்பசை கொஞ்சம் வேலை செய்யும். அதில் மெல்லிய தேய்ப்பான் துகளும் நுரைப் பொருளும் உண்டு. ஜெல் அல்லாத வெள்ளைப் பசையைத் துளி எடுத்து, நெற்றியில் மட்டும் அரை நிமிடம் தேய்த்துக் கழுவலாம். ஏற்கெனவே இரண்டு சுற்றுத் தேய்த்த தோலில் போட்டால் எரியும். சமையல் சோடாவும் ஏறக்குறைய இதே வகைதான். எண்ணெயால் வராத அளவுக்கு இவற்றால் அதிகம் வந்து நான் பார்த்ததில்லை, அதனால் நான் எடுப்பதில்லை.

எலுமிச்சைச் சாற்றை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். தோலில் அந்தச் சாறு இருக்கும்போது வெயில் பட்டால், சாற்றில் உள்ள சில பொருட்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். கொப்புளம்கூட வரலாம். அது ஆறிய பிறகு விடும் பழுப்புத் தழும்பு டை கறையைவிடப் பல மடங்கு நாள் நிற்கும்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் உள்ள அசிட்டோன் தோலை வறட்டி எரிக்கும், அதன் ஆவி கண்ணுக்கும் ஆகாது. துணி வெளுக்கும் ப்ளீச் தோலைப் புண்ணாக்கும். அமோனியா உள்ள டையோடு அது கலந்தால் மூச்சை அடைக்கும் வாயுவும் உண்டாகும், தலையருகே அதைக் கொண்டுவரவே கூடாது. பாத்திரம் தேய்க்கும் நாரைச் சொல்லவே வேண்டியதில்லை.

மிச்சமான டெவலப்பரை வைத்துத் துடைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பெராக்சைடு வெளுக்கும் பொருள்தானே என்ற எண்ணம். ஆனால் டை கறுத்ததே பெராக்சைடால்தான். தோலில் இன்னும் நிறமாகாமல் கொஞ்சம் டை மிச்சம் இருந்தால் டெவலப்பர் அதையும் கறுக்க வைத்துவிடும். நிறம் முழுதாக உருவாகிவிட்ட கறையை வெளுக்க வேண்டுமென்றால் தோல் தாங்காத அளவு வலிமை வேண்டியிருக்கும்.

அரித்தால் அது கறை இல்லை

சித்தியிடம் அரிக்கிறதா என்று முதலில் கேட்டதற்குக் காரணம் இதுதான். கறை என்பது நிறம் மட்டும். அது வலிக்காது, அரிக்காது, வீங்காது, கொப்பளிக்காது. நெற்றியோரம், காது, கழுத்து, கண்ணிமை இவற்றில் சிவப்பு, அரிப்பு, வீக்கம், நீர்க்கொப்புளம் வந்தால் அது பெரும்பாலும் டை ஒவ்வாமை, அதற்குக் காரணம் பல சமயம் பி.பி.டி.தான். இது டை அடித்த உடனே தெரியாமல் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துக்கூட வரும். அதனால் ‘கறையைத் தேய்த்ததால் சிவந்திருக்கிறது’ என்று நினைத்து இன்னும் எண்ணெயும் ஆல்கஹாலும் போட்டுப் பிரச்சினையைப் பெரிதாக்கிவிடுவார்கள். அப்படி இருந்தால் கறையை மறந்துவிடுங்கள். தலையை நிறைய தண்ணீரும் மென்மையான ஷாம்பூவும் விட்டு அலசிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். முகமோ உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு விடச் சிரமமாக இருந்தாலும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த முறை அதைவிடக் கடுமையாக வரலாம். பல ஆண்டுகளாக ஒன்றும் ஆகாதவருக்கும் திடீரென்று வரலாம். அதனால்தான் டை அடிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு சோதித்துப் பார்க்கச் சொல்லிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு எடுப்பது, எங்கே தடவுவது, எத்தனை நேரம் வைப்பது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உள்ளபடியே செய்யுங்கள், பிராண்டுக்குப் பிராண்டு அது மாறும். முன்பு கையில் கறுப்பு நிறத் தற்காலிக டாட்டூ போட்டு அது அரித்திருந்தால், அதில் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் சோதனையைக்கூட வீட்டில் செய்யாமல் நேராக மருத்துவரிடம் கேட்பது நல்லது.

தலைக்கு அடித்தது போக மிச்சத்தைப் புருவத்துக்கோ இமைக்கோ வைப்பவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். 1930களில் அமெரிக்காவில் பி.பி.டி. கலந்த ஒரு கண்ணிமைச் சாயத்தால் சிலர் பார்வையை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. 1938இல் அங்கே அழகுசாதனப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆறு வாரம் கழித்து சித்தி மறுபடி டை அடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முந்தின நாளே தலைக்குக் குளித்திருந்தார். ஜெல்லி தடவினார். இடது பக்கத்தை மட்டும் நான் பூசிவிட்டேன், பஞ்சுக் கிண்ணம் அவர் மடியில் இருந்தது. கழுவி முடித்துப் பார்த்தபோது நெற்றி சுத்தம், காது வளைவு சுத்தம். வலது காதுக்குப் பின்னால் மட்டும், ஜெல்லி எட்டாத மடிப்பின் அடியில், நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்பு. எண்ணெய் தொட்டு வைத்துவிட்டு விட்டுவிட்டோம்.